மார்ச் முதல் பிப்ரவரி வரை

தலைமை ஆசிரியர் நல்லதம்பி வடை வாங்கிக் கொடுத்தார் என்ற செய்தி கொழிஞ்சாம்பாறையில் பாதிப் பேருக்கு நம்ப முடியாததாக இருந்தது. இருபத்திரண்டு பேருக்கு, ஆளுக்கு இரண்டு வீதம், சட்னியோடு. ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் ஒரு கையில் வடையும் மறு கையில் டீயுமாக நின்றதால், தப்பிக்க முடியாமல் அவருடைய உரையையும் கேட்க வேண்டியதாயிற்று.

"ரீஃபண்ட் வந்திருக்கு. கிட்டத்தட்ட ஒம்பதாயிரம்" என்றார் நல்லதம்பி. "சும்மா வரல. பிளானிங். வருசம் பூரா வருமான வரித்துறை நம்மள பிளான் பண்ணுது. நாம ஒரு நாளாச்சும் அத பிளான் பண்ண வேண்டாமா?"

பள்ளிவாசல் என்ற மலை ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, இருபத்தாறு வருடம் முன்பு இந்தத் தமிழ்வழிப் பள்ளிக்கு வேலைக்கு வந்தவர். இப்போது தலைமை ஆசிரியர். அதாவது, எல்லோருடைய சம்பளப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டு, வரி பிடித்து, காலாண்டுக்கு ஒரு முறை அந்தக் கணக்கைத் துறைக்கு அனுப்ப வேண்டியவரும் அவர்தான். ஜூன் மாதம், வருடம் முழுக்கப் பிடித்த வரிக்குச் சான்றான படிவம் 16 கொடுத்தபோது, அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: "ஒவ்வொருவரும் தங்கள் படிவத்தைச் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியது. பின்னர் வரும் புகார்கள் ஏற்கப்படமாட்டா."

அந்த அறிவிப்பை மதித்த ஒரே ஆள் செல்வப்பிரியா. சமூக அறிவியல் டீச்சர். பணி மூப்பில் தலைமை ஆசிரியருக்கு அடுத்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் சம்பளச் சீட்டுகளைப் பரப்பிவைத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். தென்னந்தோப்பிலிருந்து வந்த கணவர் கோகுல்நாத், மேசையில் இட்லி வைக்க இடமில்லாததைக் கவனித்தார்.

"ஏம்புள்ள, பரீட்சைப் பேப்பரா?"

"வரிக் கணக்குங்க. நின்னுட்டே சாப்புடுங்க."

நிதியாண்டு என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பது அவர் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. ஆகவே 2024 ஏப்ரல் சீட்டில் தொடங்கி 2025 மார்ச் சீட்டில் முடித்தார். மாதம் 2,800 வீதம் பத்து மாதம், பிப்ரவரியில் 3,000, மார்ச்சில் ஒன்றுமில்லை. கூட்டினால் 31,000. படிவத்தின் முதல் பகுதியில், பிடித்துக் கட்டிய மொத்த வரி என்ற இடத்தில் 25,400 இருந்தது. மொத்தச் சம்பளமும் ஒத்துவரவில்லை.

"அஞ்சாயிரத்து அறுநூறு கொறயுதுங்க" என்றார்.

"கொறஞ்சா நல்லதுதானே?"

"புடிச்சுட்டாங்க, ஆனா கட்டுன மாதிரி காட்டலைங்க. இப்படியே ரிட்டர்ன் போட்டா மறுபடியும் நானே கட்டோணும். வட்டியோட."

கோகுல்நாத் இட்லியை நிறுத்தினார். தோப்பு மோட்டாருக்குக் காயில் கட்டக் கடைக்காரர் கேட்டிருந்த தொகை அவர் மனதில் வந்து நின்றிருக்க வேண்டும். "உங்க எச்செம் கிட்டக் கேளு" என்றார். "வடையெல்லாம் வாங்கிக் குடுத்தாருன்னியே."

திங்கட்கிழமை செல்வப்பிரியா சொன்னதை நல்லதம்பி கேட்டார். கேட்டார் என்பதைவிட, கேட்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் என்பதே சரி. அது அவர் பொறுமையாக இருக்கிறார் என்பதன் அடையாளம்.

"டீச்சர், எந்த மாசத்துலருந்து கூட்டுனிய?"

"ஏப்ரல் சீட்டுல இருந்துங்க சார்."

அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இருபத்தாறு வருடம் காத்திருந்த கேள்விக்கு விடை தெரிந்தவரின் மலர்ச்சி. "அதான பாத்தேன். மார்ச் மாசச் சம்பளம் நமக்கு எப்ப கைக்கு வருது? ஏப்ரல்ல. அப்ப அது எந்த வருசத்துக் கணக்கு? புது வருசக் கணக்கு. நம்ம ட்ரெஷரிச் சம்பளத்துக்கு வருசம்னா மார்ச் சீட்டுலருந்து பிப்ரவரி சீட்டு வரைக்கும். இது அடிப்படை, டீச்சர். அடிப்படை."

"செரிங்க சார்."

"நீங்க சமூக அறிவியல். ஒங்க மேல தப்பில்ல" என்று மன்னித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்று மாலையே செல்வப்பிரியா 2024 மார்ச் சீட்டைச் சேர்த்து, 2025 மார்ச் சீட்டை நீக்கினார். மொத்தச் சம்பளம் ஓணத்துக்குக் கொடுத்த பண்டிகைப் படி வரைக்கும், ரூபாய் பிசகாமல், படிவத்தின் இரண்டாம் பகுதியோடு பொருந்தியது. நிலையான கழிவு எழுபத்தைந்தாயிரம் சரி. வரி 32,500, அதன்மேல் நான்கு சதவீதம் செஸ் 1,300, ஆக 33,800 என்று கணக்குப் போட்டிருந்தார்கள், அதுவும் சரி. சீட்டுகளில் பிடித்த வரியைக் கூட்டினார். 2,800 வீதம் பதினொன்று, 3,000 ஒன்று. 33,800. அப்பழுக்கில்லை.

முதல் பகுதியில் மட்டும் அதே 25,400.

தலைமை ஆசிரியரின் ஆலோசனையால் விளைந்த பயன்: குறைவு ஐயாயிரத்து அறுநூறிலிருந்து எட்டாயிரத்து நானூறாக உயர்ந்தது.

ஆனால் இந்த எட்டாயிரத்து நானூறு ஒழுங்கான எண். மூன்று 2,800. அதுவரை மொத்தத்தை மட்டுமே பார்த்த செல்வப்பிரியா, இப்போது முதல் பகுதியின் காலாண்டு அட்டவணையை வரிசை வரிசையாக வாசித்தார். முதல் காலாண்டு 8,400. இரண்டாவது 8,400. நான்காவது 8,600. மூன்றாவது இல்லவே இல்லை. கீழே மாதவாரிப் பட்டியலில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுதான். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கைக்கு வந்த செப்டம்பர், அக்டோபர், நவம்பர் சம்பளங்களின் வரி காணாமல் போயிருந்தது. அந்த மூன்று சீட்டுகளிலும் 2,800 பிடித்ததாகத் தெளிவாக அச்சாகியிருந்தது. மூன்றையும் தனியே எடுத்து கிளிப் போட்டார்.

மறுநாள் இடைவேளையில் அவர் அலுவலகத்துக்குள் போனபோது, நல்லதம்பி மலையாளியான கிளார்க் லிஜியிடம் ஏதோ சுற்றறிக்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டுகளைப் பார்த்ததும் கண்ணாடி மறுபடி கழன்றது.

"மார்ச்லருந்து கூட்டுனியளா, டீச்சர்?"

"கூட்டினனுங்க சார். நீங்க சொன்னதுதான் செரி."

"பாத்தியளா."

"இப்ப எட்டாயிரத்து நானூறு கொறையுதுங்க."

அவர் சற்று யோசித்தார். "திரும்பவும் கூட்டிப் பாருங்க."

"கூட்டவே வேண்டாமுங்க சார். மூணாவது காலாண்டு வரிசையே இல்லைங்க." படிவத்தை அவர் முன் வைத்து, பென்சில் முனையால் காட்டினார். "சீட்டுல புடிச்சிருக்குது. இங்க வரலைங்க."

"துறையோட சர்வர்ல ஏதாவது..." என்று தொடங்கினார் நல்லதம்பி.

லிஜி அதற்குள் அலமாரியைத் திறந்திருந்தாள். "நோக்கட்டே டீச்சரே. மூணாம் காலாண்டு அனுப்பினதோட காப்பி இருக்கு." ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தாள். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே பான் எண்ணும் பிடித்த வரியும் இருந்தன. பணிமூப்பு வரிசைதான், முதலில் தலைமை ஆசிரியர், இரண்டாவது செல்வப்பிரியா. "டீச்சரோட 8,400 இருக்கே. பேரும் சரி. டீச்சர், உங்க பான் எண் சொல்லுங்க."

செல்வப்பிரியா சொன்னார். லிஜி கோப்பைப் பார்த்தாள். பிறகு அதற்கு மேல் வரிசையைப் பார்த்தாள். பிறகு தலைமை ஆசிரியரைப் பார்த்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"சாரோட பான் ரெண்டு தடவை வந்திருக்கு சாரே. அப்போ பழைய கம்ப்யூட்டர் கேடாயில்லே? லிஸ்ட் புதுசா அடிச்சேன். மேல இருந்து கீழ இழுத்தப்ப, சாரோட எண்ணு டீச்சர் வரிசைக்கும் இறங்கிப் போச்சு. அடுத்த தடவை சரியாக்கினேன். இதை நோக்கல. தப்பு என்னோடதுதான்."

"கையெழுத்து?" என்று செல்வப்பிரியா மெதுவாகக் கேட்டார்.

கையெழுத்து நல்லதம்பியுடையது. நீல மையில், கடைசியில் ஒரு கோட்டை இழுத்து அடியில் இரண்டு புள்ளி வைப்பாரே, அந்தக் கையெழுத்து.

நல்லதம்பி கோப்பைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அப்படின்னா இந்த 8,400..." என்றார் நல்லதம்பி.

"சாரோட பேர்ல ஏறியிருக்கு" என்றாள் லிஜி. "சாருக்கு ரீஃபண்ட் எத்தனை வந்தது?"

"கிட்டத்தட்ட ஒம்பதாயிரம்னு சொன்னீங்க" என்று செல்வப்பிரியா நினைவூட்டினார். குரலில் மரியாதை குறையவே இல்லை.

நல்லதம்பி கைப்பேசியைத் திறந்து, வங்கிச் செய்தியைத் தேடி, அதைத் தான் மட்டும் படித்து, மூடி வைத்தார். "எட்டாயிரத்து நானூறு" என்றார், வாய்க்குள்.

"அப்ப பிளானிங்?" என்று கேட்டாள் லிஜி. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டாள் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

"அது வேற" என்றார் அவர்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மூன்றாம் காலாண்டுக் கணக்குக்கு ஒரு திருத்த அறிக்கை, அதில் இரண்டாவது வரிசைக்குச் சரியான பான் எண். துறை அதை ஏற்றதும் புதிய படிவம் 16 எடுத்துக்கொள்ளலாம். செல்வப்பிரியா அதுவரை ரிட்டர்ன் போடாமல் இருந்தால் போதும், நாள் இருந்தது. போட்டு முடித்து, பணமும் வாங்கி, வடையும் கொடுத்துவிட்டவர்தான் திருத்திய ரிட்டர்ன் போட்டு, வந்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். திருத்த அறிக்கை நல்லதம்பியின் டிஜிட்டல் ஒப்பம் இல்லாமல் போகாது. அந்த ஒப்பத்தைப் போடும்போது அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. முதல் முறையாக, போடுமுன் வாசித்தார்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய படிவம் வந்தது. செல்வப்பிரியா நான்கு காலாண்டுக்கும் நான்கு டிக், மாதப் பட்டியலில் பன்னிரண்டு டிக் போட்டார். 33,800. கோகுல்நாத் அன்றே மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்தார்.

அறிவிப்புப் பலகையிலிருந்து, புகார்கள் ஏற்கப்படமாட்டா என்ற அந்தத் தாள் எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு குண்டூசிகள் மட்டும் இருந்தன.

வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு முன், நல்லதம்பி வருகைப் பதிவேட்டோடு ஆசிரியர்கள் அறைக்கு வந்தார். செல்வப்பிரியா தனியாக இருந்தார். பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு படிவம் எட்டிப் பார்த்தது. நல்லதம்பியுடைய படிவம் 16, அதற்கு முந்தைய ஆண்டுடையது.

"சும்மா ஒரு பார்வை பாருங்க டீச்சர். அவசரமில்ல. அந்த வருசமும் கொஞ்சம் ரீஃபண்ட் வந்துச்சு."

செல்வப்பிரியா பென்சிலை எடுத்தார். "பாக்கறனுங்க சார். சம்பளச் சீட்டெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு டீச்சர், மொத்தத்த மட்டும்..."

"சீட்டு வேணுமுங்க" என்றார் செல்வப்பிரியா. "மார்ச்சுல இருந்து பிப்ரவரி வரைக்கும்."