கேக்குக்கு உப்பு

சமையல் வீடியோவுக்காக அக்கா கேமரா முன்னால் கைக்கு வந்த அளவில் அள்ளிப் போடுவாள். படம் பிடிப்பதற்கு முன்னும் பின்னும் டப்பாக்களைத் தராசில் நிறுத்து, குறைந்த எடையை வைத்துத் தங்கைதான் அளவு கண்டுபிடிப்பாள். பொருள், அளவு, செய்முறை என்று வீடியோவுக்குக் கீழே வரிவரியாக எழுதுவதும் அவள்தான். தேடுபவர்கள் கண்ணில் வீடியோ படுவதே அந்த எழுத்தால்தான்.

ஊறுகாய் வீடியோவுக்கு எழுதியபோது கடைசி வரியில், தயங்கித் தயங்கித் தன் பெயரையும் சேர்த்தாள். அக்கா உடனே அழித்தாள்.

"பூண்டுன்னு தேடுவாங்க, எலுமிச்சைன்னு தேடுவாங்க. உன் பேரை எவடி தேடப் போறா?"

அக்காவின் கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இனிமே நீ மெனக்கெட வேணாம். பழசைக் காப்பி பண்ணி மாத்திக்கிட்டா முடிஞ்சுது வேலை," என்றாள் அக்கா.

மறுநாள் கேக். தங்கை ஊறுகாய்க்கு எழுதியதையே அக்கா எடுத்து, மாவு, சர்க்கரை, முட்டை என்று திருத்தினாள். ஆனாலும் மனசு கேட்காமல் போனை நீட்டினாள்.

"ஒரு தடவை பாரேன், எல்லாம் சரியா இருக்கா?"

தங்கை பார்த்தாள். ஊறுகாயின் உப்பு, மூன்று மேசைக்கரண்டி, அப்படியே நின்றது. கேக்குக்கு ஒரு சிட்டிகை போதும்.

"கச்சிதமா இருக்குக்கா."

மறுநாள் மாலை ஒரு பெண் கருத்து எழுதியிருந்தாள்: "முதல் தடவையா மகள் பிறந்தநாளுக்குச் செஞ்சேன். வாயில வெச்சதும் குழந்தை துப்பிட்டு அழுதா."

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அதற்கு ஒரு லைக் போட்டாள்.