வேலியோரம் நிற்பவர்

கார் ஓட்டும் பள்ளியின் முகநூல் பக்கத்துக்கு வாசகம் எழுதுவது பெரிய கம்ப சூத்திரமொன்றும் இல்லை. உஷாராணிக்கும் அது எளிய வேலைதான். போன தடவை போட்ட வாசகத்தைப் பிரதி எடுப்பாள், தேதியையும் கட்டணத்தையும் மாற்றுவாள், கார் படம் ஒன்றைச் சேர்த்துப் போட்டுவிடுவாள். கிள்ளானில் அந்தச் சின்ன ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்த நாள் முதலாக அதுதான் பழக்கம்.

அன்றும் காலையில் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

“புதிதாகக் கற்பவர்களுக்கான வகுப்பு ஆரம்பம்! ஞாயிறு: தியரி வகுப்பு. கணினித் தேர்வில் ஐம்பது கேள்விக்கு நாற்பத்திரண்டு சரியாக இருந்தால் போதும், மாதிரிக் கேள்விகளுடன் நாங்கள் பயிற்சி தருகிறோம். பயிற்சி ஓட்டுநருக்கான எல் லைசன்ஸ் எடுத்துத் தருகிறோம். செவ்வாய், வியாழன்: சர்க்கிட் பாடம். சனி: ரோட் பாடம். கட்டணம்: மேனுவல் காருக்கு 2,400 வெள்ளி, ஆட்டோமேட்டிக்குக்கு 2,600 வெள்ளி, இரண்டு தவணையில் கட்டலாம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தேர்வுக்கு முன் ஒரு ஒத்திகைத் தேர்வு உண்டு. தேர்வு நாளன்று தாமரை அக்கா வேலியோரம் மஞ்சள் குடையோடு நிற்பார். பயப்படாதீர்கள்.”

போட்டுவிட்டு அவள் ரசீதுகளைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். தாமரை இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; அதன்பிறகு போட்ட முதல் வாசகம் இதுதான்.

கடைசி வரி தாமரையே சொல்லி எழுத வைத்தது. அந்தப் பள்ளியில் இருந்த ஒரே பெண் ஆசிரியர் அவள். சர்க்கிட் என்கிற, வேலி போட்ட பயிற்சித் திடலில் தேர்வு கொடுக்கிறவர் காரில் தனியாகத்தான் உட்கார வேண்டும். அங்கே புக்கிட் என்று எல்லாரும் சொல்லும் சின்ன மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். உருண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்த நேரத்தில் பக்கத்து சீட் காலியாக இருக்கும். அதனால் தாமரை வேலிக்கு வெளியே, மேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து, மழையோ வெயிலோ குடையை விரித்துக்கொண்டு நிற்பாள். ஒருவர் மேட்டைக் கடந்ததும் ஆபீஸ் போனுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாள்: “ஏறிட்டா.” கவுண்டரில் அது டிங் என்று வந்ததும் உஷாராணி ஒருமுறை மேசையைத் தட்டுவாள். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் புரிந்த சந்தோஷம்.

மதியம் கதவு திறந்தது. முக்காடு நழுவ, மூச்சு வாங்க முத்து பீவி உள்ளே வந்தார். காப்பாரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். முன்பு தாமரையிடம் படித்தவர். புக்கிட்டில் இரண்டு தடவை உருண்டு தோற்றுவிட்டு, அதோடு வராமல் நின்றுபோனவர்.

“தங்கச்சி, மக போன்ல காட்டுனா. தாமரை இப்பவும் நிக்கிறாங்களாமே. எனக்கு ரிப்பீட் டெஸ்ட் தேதி போட்டுக் கொடு லா. எல் லைசன்ஸ் முடியறதுக்குள்ள எடுத்துடணும்.”

உஷாராணி எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள். எந்த வாசகம், எந்த வரி என்று அப்போதுதான் உறைத்தது. தன் கையாலேயே தன் முகத்தில் அறைந்துகொண்ட மாதிரி இருந்தது.

“அக்கா… தாமரை அக்கா இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு. மாரடைப்பு.”

முத்து பீவி அவளையே பார்த்தார். “அப்புறம் ஏன் போட்டீங்க?”

பழைய வாசகத்தைப் பிரதி எடுத்தேன் என்று சொல்வதா? செத்தவளை விளம்பரத்தில் நிறுத்திவிட்டேன் என்றா? உஷாராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக வராத அழுகை, இந்தப் பாழாய்ப்போன நேரத்தில்தான் வர வேண்டுமா!

“தெரியாமப் போட்டுட்டேன்க்கா. மன்னிச்சிருங்க.”

முத்து பீவி நாற்காலியில் சரிந்தார். “இன்னா லில்லாஹி” என்று முணுமுணுத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவராகவே சொன்னார்: “எங்க வீட்டுக்காரர் ஹைதருக்கு சர்க்கரையில கண்ணு போயிருச்சு. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்கு சாமான் ஏத்துற வேன் வாசல்ல நிக்குது. நான் ஓட்டலைன்னா வித்துடணும்னு சொல்றார். அது மேனுவல் வேன். மூணாவது வாட்டி ஏறிடுவேன்னு அந்தம்மா சொல்லியிருந்தாங்க. அவங்க நின்னா ஏறிடுவேன்னு நெனச்சு வந்தேன். வேண்டாம்மா. நான் ஏற மாட்டேன்.”

உள்ளறையிலிருந்து முதலாளி சுகுமாறன் எட்டிப் பார்த்தார். மின்விசிறி ஓடினால்கூடக் கணக்குப் பார்க்கிற மனிதர் என்றாலும் தாமரை காரியத்தன்று முதல் ஆளாக நின்று அழுதவர் அவர்தான். முகநூலை அவரும் பார்த்திருந்தார்.

“உஷா, அந்த வரிய மொதல்ல எடுத்துடு லா. கீழ கமெண்ட்ல எல்லாரும் கேக்குறாங்க.”

உஷாராணி போனைத் திறந்தாள். வரியின் மேல் விரல் நின்றது. அழித்தால் தாமரை இந்தப் பள்ளியில் இருந்ததற்கு வேறு என்ன அடையாளம்? மூலையில் அந்த மஞ்சள் குடை சாய்ந்திருந்தது. அதை யாரும் எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. பெயரை மட்டும் அழித்தாள். “தேர்வு நாளன்று ஒருவர் வேலியோரம் மஞ்சள் குடையோடு நிற்பார்” என்று மாற்றினாள்.

“யாரு நிப்பா?” என்றார் சுகுமாறன்.

“நான்தான்.”

“கவுண்டர யாரு பாப்பா?”

“பூட்டிட்டுப் போறேண்ணே. சம்பளத்துல பிடிச்சுக்குங்க.”

சுகுமாறன் குடையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். முத்து பீவிதான் தயங்கினார். அவளும் நீயும் ஒன்றா என்று கேட்கிற பார்வை. ஒன்றில்லை என்று உஷாராணிக்கும் தெரியும். அவளுக்குக் காரே ஓட்டத் தெரியாது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஆனா நிக்கத் தெரியும்.”

மறுவாரம் முழுக்க, குரு என்ற இன்னோர் ஆசிரியர் முத்து பீவியைப் புக்கிட்டில் ஏற்றி இறக்கினார். அதற்கடுத்த புதன்கிழமை தேர்வு. தூறல். உஷாராணி ஆபீஸைப் பூட்டி, ஆபீஸ் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, குடையோடு கிளம்பினாள். வேலியோரம் எங்கே நின்றால் மேட்டிலிருந்து தெரியும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. புல் தேய்ந்து மண் தெரிந்த ஓர் இடம் இருந்தது. தாமரை நின்று நின்று தேய்ந்த இடம். அதிலேயே கால் வைத்துக் குடையை விரித்தாள்.

முத்து பீவியின் கார் மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கண்ணாடிக்குள் முக்காடு வேலிப்பக்கம் திரும்பியது. உஷாராணி குடையை உயர்த்தினாள். கை வலித்தது, இறக்கவில்லை. இன்ஜின் உறுமியது, காரின் மூக்கு லேசாக எழும்பியது, ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

ஏறிவிட்டார்! உஷாராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தேர்வு இன்னும் முடியவில்லை, பார்க்கிங் இருக்கிறது, ரோட் இருக்கிறது. இருந்தாலும் ஏறியதை உடனே சொல்லியாக வேண்டும். அதுதானே வழக்கம். தன் போனை எடுத்து ஆபீஸ் எண்ணுக்கு “ஏறிட்டாங்க” என்று அனுப்பினாள்.

டிங் என்று கைப்பைக்குள் ஒரு சத்தம் கேட்டது.

அவள் ஆபீஸ் போனை வெளியே எடுத்தாள். புதிதாக வந்த செய்தி அவளுடையது. அதற்கு மேலே, பட்டியலில் எப்போதும் முதலில் நிற்கட்டும் என்று அவள் முன்பு பின் செய்து வைத்திருந்த தாமரையின் எண்ணிலிருந்து கடைசியாக வந்த வார்த்தை இருந்தது: “ஏறிட்டா.”

தட்டுவதற்கு அங்கே மேசை இல்லை. ஈரமான வேலிக் கம்பியை அவள் ஒருமுறை தட்டினாள்.