நான் முதல் அவை வரை

என் மனைவி தமிழ் பேசுகிறாள் என்ற செய்தியை எனக்குச் சொன்னது என் அம்மா. அதுவும் போனில்.

"ஏன்டா, அவ இவ்ளோ நல்லா பேசுறா, நீ வாயத் தொறந்து சொல்லவே இல்லையே. இப்பதான் பேசிட்டு போன வச்சோம். உன்னப் பத்தி எல்லாம் சொன்னா."

என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பது இருக்கட்டும். எனக்குத் தெரிந்து என் மனைவியின் தமிழ் "நல்லா இருக்கேன் அத்தை, இந்தாங்க அவர்" என்பதோடு முடிந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது போல போனை என்னிடம் தள்ளிவிடுவாள். அவள் வேறு மொழிக்காரி. எங்கள் இருவருக்கும் பொதுவான மூன்றாவது மொழி ஒன்றில்தான் காதலித்தோம், கல்யாணம் செய்துகொண்டோம், சண்டையும் போட்டுக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் நான் தமிழ் வாத்தியார். மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் மொழிப் பயிற்சி நிலையத்தில், தமிழ் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். தமிழ் வீட்டுக்கு மருமகனாக வந்தவர்கள், மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், சும்மா ஆசைக்கு வருபவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. என் வகுப்பில் வினைச்சொல் என்றால் அட்டவணைதான். இடது பக்கம் மேலே 'நான்', கீழே 'அவை'. மேலே குறுக்காக மூன்று காலம். ஒரு வினையைக் கொடுத்தால் நான் முதல் அவை வரை மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். தலைகீழாகவும் ஒப்பிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அந்த அட்டவணையைப் பெரிதாக எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, மனைவிக்கும் பாடம் எடுத்தேன். அவளும் ஒப்பித்தாள். ஆனால் "அவள் வந்தாள்" என்று ஒரு வரி பேச வேண்டுமென்றால், விரலை மடக்கி 'நான் வந்தேன், நாங்கள் வந்தோம்' என்று மேலிருந்து படிப்படியாக இறங்குவாள். அவள் 'அவள்' வரைக்கும் வந்து சேர்வதற்குள் கேட்டவர் போயிருப்பார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், பெண்டாட்டியைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவளுக்கு மொழி வராது என்று முடிவுகட்டி விட்டுவிட்டேன்.

அப்படியானால் இது யார் வேலை?

சனிக்கிழமை காலை எனக்கு வகுப்பு கிடையாது. மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க நிலையத்துக்குப் போனேன். எங்கள் வகுப்பறைகளுக்கு நடுவே இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அது சின்ன சாரின் வகுப்பு. மாணவர்கள் என்னைப் பெரிய சார் என்றும் அவனைச் சின்ன சார் என்றும் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்த புதிதில் போர்டில் நேராக எழுதக்கூடத் தெரியாமல் என்னிடம்தான் கற்றுக்கொண்டான். அட்டவணையை மட்டும் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டான்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க அண்ணி?" என்று கேட்டான். என்னை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. நான் சார். அவள் மட்டும் எப்படி அண்ணி ஆனாள்?

"நேத்து நான் பார்க் போனேன். அங்க... உக்காருனேன்."

தப்பு! என் வாய் தடுப்புக்கு இந்தப் பக்கம் தானாகத் திறந்து மூடியது. பேசு, பேசுனேன், ஓடு, ஓடுனேன், அதே அச்சில் உக்காரு, உக்காருனேன் என்று வார்த்துவிட்டாள். அவன் திருத்தவில்லை.

"ஓ, பார்க்ல உக்காந்தீங்களா? தனியாவா உக்காந்தீங்க?"

"ஆமா, தனியா உக்காந்தேன். ஒரு காபி குடிச்சேன். ஒரு நாய் வந்துச்சு."

அவளே தப்பை விட்டுவிட்டு நகர்ந்துபோனாள். விரல் மடக்கவில்லை. பிறகு அவன் போர்டில் ஏதோ எழுதும் சத்தம். "குடிச்சேன். இதே மாதிரி வேற என்ன வரும்?" என்றான். படிச்சேன், சிரிச்சேன், சமைச்சேன் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். "இப்ப நாளைக்குப் பண்ணப் போறத சொல்லுங்க." குடிப்பேன், படிப்பேன், சிரிப்பேன். "பாருங்க, வால் எப்பவும் அதே 'ஏன்'தான். நடுவுலதான் மாறுது. இப்ப உங்க வீட்ல இருக்கறவங்கள வச்சு ஒரு ஒரு வரி சொல்லுங்க."

என்னுடைய அட்டவணைதான் அது. கட்டம் இல்லாமல், கோடு இல்லாமல், துண்டு துண்டாகப் பேச்சுக்குள் ஒளித்துவைத்திருந்தான். அது நல்ல பாடம் என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் கசந்தது. நான் சமைத்து அவள் தொடாத சோற்றை இன்னொருவன் உருட்டிக் கொடுக்க, வாங்கிச் சாப்பிடுகிறாள். மூக்குக்கண்ணாடியை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. தானாக வந்து என்னிடம் தமிழில் பேசட்டும் என்று காத்திருந்தேன். அம்மாவிடம் பேசினாள். மருந்துக்கடைக்காரரிடம் பேசினாள். கீழ்வீட்டு அக்காவிடம் மாடிப்படியில் நின்று தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு வழக்கே நடத்தினாள். என்னிடம் மட்டும் அதே மூன்றாவது மொழி. ஊருக்கெல்லாம் விளக்கு, கட்டியவனுக்கு இருட்டு.

இதற்கிடையில் வாய்மொழித் தேர்வு வந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வகுப்புக்கு இன்னொருவர்தான் தேர்வாளர். சின்ன சாரின் வகுப்புக்கு நான். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு வந்தது. அவனே தயங்கிக்கொண்டு வந்தான்.

"சார், அண்ணிய மட்டும் நிலையத்த நடத்துற மேடத்துக்கிட்ட அனுப்பிடலாமா? உங்களுக்குச் சொல்லாம சேந்துட்டாங்க. நல்லா பேச வந்ததும் உங்ககிட்ட பேசிக் காட்டணும்னு ஆசப்பட்டாங்க."

"எனக்கு எல்லாரும் ஒன்னுதான். வரச் சொல்லு" என்றேன். கடைசியில் அவள் என்னிடம் தமிழில் பேசியே ஆக வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், நான் வகுப்பு முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தமிழில் ஏதோ சொன்னாள். இத்தனை நாள் நான் காத்திருந்த முதல் வாக்கியம். அதில் என் காதில் நின்றது கடைசிச் சொல் மட்டும்தான்.

"விழுனாரு."

"விழுந்தாரு" என்றேன். "விழு, விழுந்தாரு. உங்க சின்ன சார் இதச் சொல்லித்தரலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "விழுந்தாரு" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவனுடைய மாணவியின் தப்பை நான் பிடித்துவிட்டேன் என்ற திருப்தியில் எனக்கு அன்றைக்குக் காபிகூட ருசித்தது.

மறுநாள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. தேர்வுப் பயம் என்று நினைத்தேன்.

"'நில்.' இறந்த காலம். நான் முதல் அவை வரை."

"அட்டவணை எனக்கு வராது" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "சொல்லு, சொன்னேன். அப்போ நில்லு, நின்னேன். நீங்க நின்னீங்க. அவரு நின்னாரு."

இந்த வினையை அவன் சொல்லித்தந்திருக்கவில்லை. தேர்வுக்கு முன் அவனுடைய பாடக் குறிப்பைப் பார்த்துத்தான் பொறுக்கி எடுத்திருந்தேன். அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் வரிசைப்படி இல்லை, முழுதாகவும் இல்லை. பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

அடுத்தது உரையாடல். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"நேத்து என்ன பண்ணீங்க?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"நேத்து மத்தியானம் எங்க அம்மா போன் பண்ணாங்க. எங்க அப்பா படியில விழுந்தாரு. இடுப்பு எலும்பு ஒடஞ்சிடுச்சு. அம்மா ரொம்ப அழுதாங்க. நானும் அழுதேன். அப்புறம் முகம் கழுவினேன். என் வீட்டுக்காரர் வருவாருன்னு ஹால்ல நின்னேன். அவர்கிட்ட தமிழ்ல சொல்லணும்னு நெனச்சேன். மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். அவரு வந்தாரு. நான் சொன்னேன்."

என் பேனா நின்றது.

"அவரு திருத்துனாரு" என்றாள். "'விழுந்தாரு'ங்கிற வார்த்தைய அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு. யாரு விழுந்தாருன்னு கேக்கல."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் சொல்வது போலத் தெளிவாக, வரிசையாகச் சொன்னாள். ஒரு தப்பும் இல்லை. நான் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் அப்பா கீழே கிடக்கிறார், நான் வினையின் இடைநிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்புறம்?" என்றேன்.

"நாளைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன். இன்னைக்கு சாயங்காலம் நான் போறேன். டிக்கெட் எடுத்துட்டேன்."

"ஒரு டிக்கெட்டா?"

அவள் தலை நிமிர்ந்தாள்.

"இது பரீட்சைக் கேள்வியா?"

"இல்ல."

"அப்போ வெளிய வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்தவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பாவம், பெரிய சாருக்கு எது பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே நான் போனேன், நாங்கள் போனோம் என்று ஆரம்பித்துவிட்டார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்ன சாரின் குரல் கேட்டது. "நேத்து வலிக்குதுன்னு சொன்னீங்களே, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு அண்ணி? அம்மா ஏதாவது சாப்ட்டாங்களா?"

அவனுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. அவள் பதில் சொல்லத் தொடங்கினாள், நடுவில் ஒரு வினை தடுக்கியது, அவன் பொறுமையாக இருந்தான், அவள் மேலே போனாள்.

எனக்கு எதிரே ஒப்பித்துக்கொண்டிருந்தவர் 'அவை' வரை வந்து நிறுத்தி, சரியா சார் என்று கேட்டார்.

சரி என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து கதவைத் திறந்தேன். பக்கத்து அறையில் யாரும் இல்லை. இருவரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக அவள் எடுத்துவந்திருந்த பெட்டி அவன் கையில் இருந்தது.