ஒரு அங்குலத் தரை

ரத்னாவதியின் பட்டுக்கடை மாடியில் போட்ட சிமெண்ட் தரை ஒரே மாதத்தில் ஓரம் தூக்கி வெடித்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழும் அடித்தாயிற்று. தரையைப் போட்ட கொத்தனார் வேலு தட்டிப் பார்த்தார். வெறும்பானைச் சத்தம் கேட்டது.

“ஒரு அங்குலம் பத்தல. ரெண்டரை அங்குலமா போடுங்க, கனத்துலயே கிடக்கும்,” என்றாள் ரத்னாவதி.

“போடலாம்மா. தரை உசந்து கதவு திறக்காது. ஜன்னல்ல ஏறி வருவீங்களா?”

பெயர்ந்த வில்லையின் அடி வழவழவென்றிருந்தது. போன வருஷம் அடியிலிருக்கும் காங்கிரீட் மேல்தான் சோப்பு நீரில் வேகவைத்த பட்டுநூலைக் காயவைத்தோம் என்றாள் ரத்னாவதி.

“அந்தச் சோப்புப் பிசுக்குலதான் ஒட்டல. மெல்லிசா போட்டா அடியைப் பிடிச்சுகினாதான் நிக்கும். கொத்தாம போட்டது என் தப்பு.”

தரையை முழுதும் பெயர்த்தார். காங்கிரீட்டைச் சொரசொரப்பாகக் கொத்தி, தூசி போகக் கழுவி, நன்றாக நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்தார். சிமெண்ட் பால் பூசி, அது காயுமுன் கலவையைப் பரப்பினார். பிறகு ஒரு வாரம் ஈரச்சாக்கு கிடந்தது.

மறுபடி தட்டியபோது ஒரே ஒரு மூலை மட்டும் பொக்கென்றது.

“அங்க பீரோ வருது. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமேம்மா,” என்று உளியை வைத்தார்.

திறப்பு நாளன்று அந்த மூலை ஈரச்சாக்கின் கீழ் இருந்தது. பீரோ நடுக்கூடத்தில் நின்றது. ஏனென்று கேட்ட எல்லோரிடமும் ரத்னாவதி வேலுவின் பெயரைப் பெருமையோடு சொன்னாள்.