குதிரை நின்ற கட்டம்

அக்கா செத்ததற்கு அவள் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் சரி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "கல்லு மனசு" என்று பெரியம்மா ஒருத்தி காதுபடவே சொன்னாள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

இப்போது சதுரங்கப் பலகையின் முன்னால் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்திருக்கிறாள். மரத்துப்போன காலைப் போல உடம்பு முழுக்க இருந்தது. கை மட்டும் காய்களை நகர்த்திக்கொண்டிருந்தது.

நூலகத்து மாடியில் லீக்கின் கடைசிச் சுற்று. அணிக்கு நான்கு பேர். மற்ற மூன்று ஆட்டங்களும் முடிந்து ஒன்றரைக்கு ஒன்றரை என்று நின்றது. இவள் ஜெயித்தால் அணி முதல் பிரிவில் தங்கும். டிரா செய்தாலே கீழே இறங்கிவிடும். கீழே இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவது என்று சங்கத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஆள் இல்லை, இடம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக அக்கா இல்லை. நாலு பேரை வீடு வீடாகப் போய் இழுத்து வந்து அந்த அணியைக் கட்டியவளே அவள்தான்.

அக்காவுக்குப் பட்டாசு என்று பெயர். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. முதல் மேசையில் உட்கார்ந்து, கிடைத்த சிப்பாயைத் தள்ளி, எதையாவது உடைத்து, ஜெயித்தோ தோற்றோ எல்லோருக்கும் முன்னால் டீக்கடைக்குப் போய்விடுவாள். தங்கைக்கு அவள் வைத்த பெயர் ஆமை. ஆமை உள்ளே ஆடி முடித்ததும் படிக்கட்டில் நின்று போன் போடுவாள். டீக்கடையிலிருந்து எப்போதும் ஒரே கேள்விதான் வரும். "எப்ப உடைச்சே?"

இருவருக்கும் தீராத சண்டையே அதைப் பற்றித்தான். நடுப்பலகையில் வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டும் கறுப்புச் சிப்பாய்கள் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் எதுவும் நகர முடியாது. நடுவில் பூட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் நிற்கும் பெரிய காய்களுக்குப் பாதை வேண்டுமென்றால், ஓரத்திலிருந்து ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் அந்தப் பூட்டில் மோதவேண்டும். எப்போது மோதுவது என்பதில்தான் வித்தை. அவசரப்பட்டால் திறக்கிற பாதையில் எதிராளி நம் வீட்டுக்குள் வந்துவிடுவான். தாமதித்தால் அவன் மோதலுக்குத் தயாராகிவிடுவான். அக்காவுக்கு அவசரம், வெண்ணெய் திரளும்போது தாழியை உடைப்பாள். தங்கைக்கு நிதானம். இந்தக் காயை இங்கே வைத்துவிட்டு, அந்தக் காயை அங்கே வைத்துவிட்டு, ராஜாவை ஓரத்தில் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, பிறகு உடைக்கலாம் என்பாள். அந்தப் 'பிறகு' வருவதற்குள் உடைக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

"டிரா?" என்றார் எதிரே இருந்த பல் டாக்டர். அவருக்கு விஷயம் தெரியும். முகத்தில் பரிதாபம் வழிந்தது. டிரா போதும் அவர் அணிக்கு.

அவள் நிமிர்ந்து தன் அணித்தலைவரைப் பார்த்தாள். அக்காவின் கணவர். ஆட்டத்தைப் பற்றித் தலைவர் வாய் திறக்கக்கூடாது. டிராவை எடு, எடுக்காதே என்று மட்டும் சொல்லலாம். 

"எடுக்கட்டா மாமா?"

"வேண்டாம்மா."

அவ்வளவுதான். சாவு வீட்டுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தையே அதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் என்ன ஆகுமோ என்று இருவருக்கும் பயம்.

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, தன் குதிரையை ராணிக்கு முன்னால் இருந்த கட்டத்துக்குப் பின்வாங்கினார். அங்கிருந்து ராணிப் பக்கம் தாண்டப் போகிறார், தெரிந்ததுதான். அவருடைய ராஜா இன்னும் நடுவிலேயே இருந்தது. நடுதான் பூட்டியிருக்கிறதே, என்ன பயம் என்று விட்டுவிட்டார்.

அவள் கை பழக்கப்படி தன் ராஜாவை நோக்கிப் போனது. மூலைக்கு ஒரு கட்டம் நகர்த்திவிட்டால் எல்லாம் தயார். அடுத்த நகர்வில் உடைக்கலாம்.

விரல் காயைத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஆடியே ஆகவேண்டும், அதுதான் சட்டம். ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. ஏதோ கண்ணில் பட்டது.

டாக்டரின் மந்திரி, குறுக்காக ஓடுகிற காய், அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் மூலைவாட்டில் நின்றிருந்தது. அது பின்வாங்க இருந்த ஒரே வழியில் இப்போது சொந்தக் குதிரையே குந்தியிருந்தது. குதிரை அங்கே தங்கப்போவதில்லை. அடுத்த நகர்வில் தாண்டிவிடும், வழி திறந்துவிடும். இந்த ஒரு நகர்வுக்கு மட்டும்தான் மந்திரிக்குப் போக்கிடம் இல்லை.

ராஜா ஓரத்துக்குப் போகவில்லை. ஒன்றும் தயாராக இல்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று அக்கா கத்துவாள். கத்த ஆள் இல்லை.

எஃப் வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிப் பூட்டில் மோதி, கடிகாரத்தை அழுத்தினாள்.

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அந்தச் சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் வந்தால் மந்திரி மாட்டிக்கொள்ளும். தன் எஃப் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி மந்திரிக்கு இடம் விட்டிருந்தால் தப்பித்திருப்பார். பதுங்க மனசில்லை. நடுச்சிப்பாயால் வெட்டினார், அவள் பக்கத்துச் சிப்பாயால் திருப்பி வெட்டினாள். ஆபத்து அப்படியே இருந்தது. இப்போது அவர் தன் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றி அவளுடைய நடுச்சிப்பாயில் மோதினார். அவள் அந்த நடுச்சிப்பாயாலேயே அதை வெட்டினாள்.

அவளுடைய நடுச்சிப்பாய் விலகியதும் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு நீளக் கோடு திறந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அதன் ஒரு முனையில் அவளுடைய மந்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுமுனையில் காவலில்லாத இன்னொரு வெள்ளைக் குதிரை, அதற்குப் பின்னால் யானை. டாக்டர் தன் மந்திரியைக் காப்பாற்றிச் சிப்பாயை வெட்டினார். அவள் குதிரையை எடுத்தாள். நடுவில் நின்ற ராஜாவுக்கு முன்னால் மற்றக் குதிரையும் அசைய முடியாமல் கட்டுண்டது.

இன்னும் சில நகர்வுகள் இழுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கை நீட்டினார்.

"அக்கா மாதிரியே ஆடிட்டீங்க" என்றார்.

அவள் தலையாட்டினாள். அணி பிழைத்துவிட்டது. யாரோ முதுகில் தட்டினார்கள். ஒன்றும் தோன்றவில்லை. நடுவர் மேசையில் ஒப்படைத்திருந்த போனை வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு நடந்தாள். கட்டைவிரல் தானாக ஓடி எண்ணை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அழைப்பை வெட்டிவிடப் போனாள்.

கீழே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் போன் ஒன்று அடித்தது.

அவளுக்கு முன்னாலேயே இறங்கிவந்து மாமா நின்றிருந்தார். நடுவரிடமிருந்து அவர் வாங்கி வந்தது இரண்டு போன்கள். ஒன்று அவருடையது. மற்றது அக்காவுடையது, கீறல் விழுந்த மஞ்சள் உறை. அதை அணைத்துவைக்க அவருக்கு மனசு வரவில்லைபோலும். திரையில் 'ஆமை' என்று வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். தலை தூக்கி மேலே பார்க்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தார்.

அவளும் அழைப்பை வெட்டாமல் போனைக் காதில் வைத்தாள்.

"எப்ப உடைச்சே?" என்றார் மாமா. குரல் பாதியிலேயே கிழிந்தது.

பத்துப் படி இறங்கினால் அவர். அவள் போனிலேயே பதில் சொன்னாள்.

"எதுவும் ரெடியாகறதுக்கு முன்னாடியே, அக்கா."

சொல்லி முடித்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. கீழே அவரும் உட்கார்ந்துவிட்டார். இருவரும் வெகுநேரம் போனை வைக்கவில்லை.