மூன்று எடைக்கல்

தராசு என்றாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். வெல்லமும் புளியும் நிறுக்கிற சாமானில் மனுஷனை ஏற்றி, இவன் வேலைக்கு லாயக்கா என்று பார்த்தால் யாருக்குத்தான் வராது?

என் பெயர் தேவானந்தம். சித்தூரில் எங்கள் மிஷன் ஹைஸ்கூலுக்கு டிரில் மாஸ்டர். அந்த வருஷம் தசரா லீவு முடிந்ததும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தார். பையன்கள் வெயிலில் வரிசையாக நின்று கையைக் காலை வீசிக்கொண்டிருக்க, அவர் பார்த்ததெல்லாம் என் தொப்பையை. பார்த்ததோடு விட்டாரா? டிரில் மாஸ்டருக்கே டிரில் தேவைப்படுகிறது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட் சுந்தர்ராஜ் அய்யாவுக்கு மானம் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டு, உகாதிக்குள் எடையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்றார். வேறு ஆள் யார் என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவருடைய அக்காள் பிள்ளை இன்பசேகரன் படிப்பை முடித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தான். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் தராசு கிடையாது. அவருக்குத் தெரிந்த முனிரத்தினம் நாயுடுவின் வெல்ல மண்டியில் பெரிய தராசு உண்டு. அங்கே இருக்கும் இரும்பு எடைக்கல் ஒன்று ஐம்பத்தாறு பவுண்டு. "மூணு கல்லுக்குள்ள வாங்க மாஸ்டர்" என்றார். மூன்று கல் என்றால் நூற்று அறுபத்தெட்டு பவுண்டு. நான் நூற்று எண்பத்தாறு.

தொப்பை இல்லை என்று நான் சாதிக்கவில்லை. இருந்தது. குனிந்தால் ஷூ தெரியாது. ஆனால் இந்த மூன்று கல் கணக்கு எங்கிருந்து வந்தது? நாலு கல் மண்டியில் இருந்திருந்தால் நாலு என்றுதானே சொல்லியிருப்பார்?

திருப்பதியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சாரங்கபாணியிடம் போய்ப் புலம்பினேன். அவன் அண்ணன் திருச்சானூர் கோயிலில் கைங்கரியம். இவனுக்கு இரும்புதான் சாமி. ஸ்டூடியோவின் பின்கட்டில் பார்பெல், வட்டு எல்லாம் குவித்துவைத்திருந்தான். எங்கள் ஸ்போர்ட்ஸ் விழாவுக்குப் படம் எடுக்க வந்து சிநேகிதமானவன். என் புலம்பலைக் கேட்டு முடித்தவன், எடையை மட்டும் நம்பினால் பைத்தியம் பிடித்துவிடும் என்றான்.

காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடும் முன் தொப்புளைச் சுற்றி நாடாவைப் போடவேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சைச் சாதாரணமாக விட்டு நிற்கவேண்டும். நாடா முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், சதையை இறுக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை அவன் ஸ்டூடியோவில், தரையில் சுண்ணாம்பால் போட்ட அதே குறியில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அரை டிராயரோடு முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று படம். என்ன தூக்கினேன், எத்தனை தடவை தூக்கினேன் என்று அன்றன்றைக்கே எழுதிவைக்கவேண்டும். எடையும் பார்க்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற மூன்றோடு சேர்த்துவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

என் மனைவி ஜெயசீலி வீட்டில் தையல் வேலை செய்பவள். நாடா அவளுடையது, அளப்பதும் அவள்தான். முதல் நாள் நாற்பத்திரண்டு அங்குலம். அவள் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

சோற்றைப் பாதியாக்கினேன். முட்டையும் கொள்ளும் கூட்டினேன். பள்ளிக்கூடத்து பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகினேன். முதலில் அறுபது பவுண்டை ஐந்து தடவை தூக்கவே நாக்கு தள்ளியது. கிறிஸ்துமஸுக்குள் எண்பத்தைந்தை ஐந்து தடவை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கும்போது நூறு. இடுப்பு முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. ஜெயசீலி என் காக்கி நிஜாரை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். இவ்வளவுக்கும் எடை எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஆறே ஆறு பவுண்டு!

திருப்பதி ஸ்டேஷனில் காசு போட்டால் சீட்டு தள்ளுகிற எடை மிஷின் ஒன்று நின்றது. அதோடு நான் போட்ட சண்டையைப் போர்ட்டர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வண்டி விட்டு இறங்கியதும் ஒரு எடை காட்டும். சாரங்கபாணி வீட்டுப் புளியோதரையும் இரண்டு சொம்பு தண்ணீரும் உள்ளே போனபிறகு அதே மிஷின் மூன்று பவுண்டு ஏற்றிக் காட்டும். புளியோதரை தொப்பையாக மாற அரை மணி நேரம் போதுமா? உப்பும் தண்ணீரும் அப்படித்தான் ஏறி இறங்கும், கொழுப்பு குறைந்த இடத்தில் சதையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, முள் சும்மா மொத்தத்தைத்தான் காட்டும் என்று சாரங்கபாணி சொன்னான். எனக்குப் புரிந்தது. சுந்தர்ராஜ் அய்யாவுக்கு யார் புரியவைப்பது? ஒரு தடவை முயன்றேன். நாடா, படம் எல்லாம் உங்கள் இஷ்டம், மண்டித் தராசு பொய் சொல்லாது என்று வாயை அடைத்துவிட்டார்.

உகாதிக்கு அதிக நாள் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். எங்கள் சபையில் லெந்து நாட்களில் ஒருபொழுது இருப்பார்கள், கறி முட்டை தொடமாட்டார்கள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தேன். ராத்திரிக்கு ஒரு குவளை கஞ்சி, அவ்வளவுதான். எடை மளமளவென்று இறங்கியது. மூன்று வாரத்தில் நூற்று எழுபத்திரண்டு! சபைக் கோயிலில் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கரஸ்பாண்டென்ட்கூட என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பார்பெல் மட்டும் மெச்சவில்லை. நூறு பவுண்டு மார்பைத் தாண்டி ஏறவே இல்லை. எண்பதை இரண்டு தடவை தூக்கியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாடாவைப் போட்டால் முப்பத்தேழே முக்கால். எட்டு பவுண்டு போயிருக்கிறது, இடுப்பில் போனதோ கால் அங்குலம். அப்படியானால் மிச்சம் எங்கே போயிற்று?

திருப்பதிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். சாரங்கபாணி புதுப் படத்தையும் போன மாதத்துப் படத்தையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தான்.

"தொப்பை அப்படியே இருக்கு வோய்" என்றான். "தோளைத்தான் கரைச்சுண்டு வந்திருக்கீர்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று கல்லுக்கு இன்னும் நாலே பவுண்டு. இப்படியே கிடந்தால் வேலை தங்கும், ஆனால் டிரில் மாஸ்டராக நிற்க உடம்பில் ஒன்றும் இருக்காது. சாப்பிட்டால் உடம்பு தங்கும், வேலை போகும். ரயிலில் திரும்பும்போது பாகாலா வரை யாரோடும் பேசவில்லை. ஜன்னலோரத்தில் இடம் கொடுக்காத ஒரு ஆளோடு மட்டும் சண்டை போட்டேன்.

வீட்டில் ஜெயசீலி கஞ்சிக் குவளையை வைக்கவில்லை. சோறும் இரண்டு முட்டையும் வைத்தாள். லெந்து நாளில் முட்டையா என்று சீறினேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"கர்த்தருக்காக இருந்தா இருங்க, நானும் கூட இருக்கறேன்" என்றாள். "தராசுக்காக உபவாசம் இருக்கச் சொல்லி எந்த வேதத்துல எழுதிகீது? துன்னுங்க."

தின்றேன். வாயில் சோறும் கண்ணில் தண்ணீருமாகத் தின்றேன். ஒரே வாரத்தில் எடை நாலு பவுண்டு ஏறி நூற்று எழுபத்தாறில் வந்து நின்றது. வயிற்றெரிச்சலாக இருந்தாலும் நிறுத்தவில்லை. முன்போல் அளவாகச் சாப்பிட்டேன், முன்போல் தூக்கினேன். உகாதிக்கு முந்தின நாள் நூற்றைந்து பவுண்டு தலைக்கு மேலே போனது. ஜெயசீலியின் நாடா முப்பத்தேழு என்றது. கல் கணக்கில் நான் தோற்றுவிட்டேன் என்பதும் தெரிந்தே இருந்தது.

உகாதியன்று மண்டிக்கு லீவு. வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது என்றுதான் சுந்தர்ராஜ் அய்யா அந்த நாளைக் குறித்திருந்தார். பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார்கள். இன்பசேகரனும் வந்தான். முனிரத்தினம் நாயுடு பூட்டைத் திறந்துவிட்டு, எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பண்டிகைக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

பெரிய தராசு முன்கூடத்தில் உத்தரத்திலிருந்து தொங்கியது. இரண்டு பக்கமும் சங்கிலியில் கட்டிய பலகைத் தட்டு. எடைக்கல் மட்டும் அங்கே இல்லை. வெல்ல மூட்டைகள் அடுக்கிய பின்னறையின் கோடியில் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள். அவர்களும் பண்டிகைக்குப் போயிருந்தார்கள். இதை யாருமே யோசிக்கவில்லை.

சுந்தர்ராஜ் அய்யா மருமகனைப் பார்த்தார். இன்பசேகரன் போய் ஒரு கல்லை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து, ஒருவழியாகத் தட்டில் கொண்டுவந்து போட்டான். போட்டதும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். பாவம், நல்ல பையன். அவனைச் சொல்லி என்ன பயன்? கமிட்டிக்காரர்கள் தங்கள் கோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சுந்தர்ராஜ் அய்யா என்னைப் பார்த்தார்.

வந்ததே எனக்குக் கோபம். பின்னறைக்குப் போனேன். கைக்கொன்றாக மிச்சமிருந்த இரண்டு கல்லையும் வளையத்தைப் பிடித்துத் தூக்கி, ஒரே நடையாக வந்து தட்டில் வைத்தேன். பிறகு மேலே தூக்கிக்கொண்டிருந்த மறு தட்டில் ஏறி நின்றேன். என் பக்கம் தொம்மென்று கீழே போனது.

நான் பையிலிருந்து படங்களை எடுத்து ஒரு வெல்லக் கூடைமேல் பரப்பினேன். நாடாவையும், தூக்கின கணக்கையும் வைத்தேன். நாற்பத்திரண்டு முப்பத்தேழாகியிருக்கிறது, அறுபது நூற்றைந்தாகியிருக்கிறது, பாருங்கள் என்றேன். சுந்தர்ராஜ் அய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார்.

"ஆனா தட்டு கீழே போயிடுச்சே மாஸ்டர்" என்றார்.

இன்பசேகரன் மூட்டையிலிருந்து எழுந்தான். "மாமா, எடை பாத்தா நானு ரெண்டரைக் கல்லுகூட இருக்கமாட்டேன்" என்றான். "ஒரு கல்லைத் தூக்கினதுக்கே கை கால் நடுங்கிக்கினு கீது. இந்த வேலை எனக்கு வேணாம்."

கமிட்டிக்காரர்களில் ஒருவர் இருமினார். மூவரும் ஓரமாகப் போய்க் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்து முடிவைச் சொன்னார்கள். எடை இன்னும் அதிகம். ஆனாலும் ஜூன் வரைக்கும் தவணை. அதுவரை வேலையில் இருக்கலாம். கமிட்டியின் மினிட் புத்தகத்திலும் அப்படியே எழுதினார்கள். இடுப்பைப் பற்றியும் தோளைப் பற்றியும் ஒரு எழுத்துகூட இல்லை. ஆறு மாதம் நான் செத்துப் பிழைத்ததற்குக் கிடைத்தது இதுதான்.

போகும்போது சுந்தர்ராஜ் அய்யா வாசலில் நின்று திரும்பினார். நாயுடு சொன்னதை ஞாபகப்படுத்தி, கல்லை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வருமாறு என்னிடம் சொன்னார். ஜூனிலும் இதே தராசில்தான் பார்ப்போம் என்றும் சொன்னார். கைக்கொன்றாக இரண்டைப் பின்னறையில் வைத்துவிட்டு மூன்றாவதற்கு நான் திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை.

ஜூனிலும் அதே மூன்று கல்தான். அன்றைக்கும் அதைத் தூக்கி வைக்கப்போகிறவன் நான்தான்.