அத்தானின் காப்புக் கோப்பு

எங்கள் விளம்பர நிறுவனத்தில் என் அக்கா புருஷன்தான் முதலாளி. எனக்கு வாய்த்த கிரகம். விளம்பரத்தைத் தொட்டவர்களின் வயது, நேரம் வாரியான விவரங்களை இணைய விளம்பரத் தளம் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் போனால் தராது. அதனால் நான் மாதந்தோறும் அவற்றை இறக்கித் தனித்தனிக் கோப்பாகச் சேமித்து வந்தேன்.

"இது கழுதை வேலை. நான் ஒரு ஷீட் போட்டிருக்கேன், திங்கக்கிழமை ஆனா தளத்துலேர்ந்து விவரத்தை அதுவே இழுத்துக்கும்," என்றார் அத்தான். இடத்தை அடைக்கிறது என்று என் கோப்புகளை அழித்தும்விட்டார்.

இன்று மெத்தைக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தள்ளுபடி விற்பனையின்போது எந்த வயதுக்காரர்கள் எந்த நேரத்தில் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று கேட்டார். அத்தான் மீசையைத் தடவிக்கொண்டே ஷீட்டைத் திறந்தார். பழைய மாதங்கள் துடைத்துவிட்டாற்போல இருந்தன.

"எங்கடா போச்சு?"

"உங்க ஷீட் சேர்த்து வைக்கல அத்தான். வாராவாரம் இருக்கிறத அழிச்சிட்டு, தளம் இப்ப என்ன காட்டுதோ அதை மட்டும் எழுதுது. தளம் மறந்தா இதுவும் மறந்துடும்."

கடைக்காரர் அத்தானையே பார்த்தார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருந்தாலும் பாருங்க, ஷீட் ஒரு வாரம்கூடத் தவறாம ஓடியிருக்கு."